பெரிய மாமாவுக்கு: நில எடுப்பு நோட்டீஸில் என்ன கேட்டிருக்கிறார்கள், எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும்

பெரிய மாமாவுக்கு வணக்கம்.

நோட்டீஸ் போட்டோ இரண்டும் வந்தன. முதல் பக்கம் தெளிவாக இருக்கிறது. இரண்டாவது பக்கத்தில் மடிப்பு விழுந்து அட்டவணையின் கடைசி வரி பாதி மறைந்துவிட்டது. நம் நிலம் அந்த வரியில்தான் வருகிறது. உட்பிரிவு 2ஏ-வா 2பி-யா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பகல் வெளிச்சத்தில் விரித்து வைத்து இன்னொரு முறை எடுத்து அனுப்புங்கள். தெரிந்தவரைக்கும் இப்போது எழுதிவிடுகிறேன்.

முதலில், இது காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் இல்லை. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956, பிரிவு 3ஜி-யின்படி, இழப்பீட்டு விசாரணைக்கு வரச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். பணத்தை நிர்ணயம் செய்து, அதை அரசு டெபாசிட் செய்த பிறகுதான் இடத்தை ஒப்படைக்கச் சொல்லி இன்னொரு நோட்டீஸ் வரும். அதற்கும் 60 நாள் அவகாசம் உண்டு.

ஆனால் ரோடே வேண்டாம் என்று சொல்லும் கட்டம் தாண்டிவிட்டது. நிலத்தை எடுக்கப்போகிறோம் என்று சொல்லும் 3ஏ அறிவிப்பு வந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் கொடுத்திருக்க வேண்டும். நோட்டீஸின் மேலே ‘பார்வை’ என்று இருக்கிறதே, அதில் இரண்டாவதாக, நிலத்தை எடுப்பதை உறுதி செய்யும் 3டி அரசிதழ் அறிவிப்பைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். அது வெளியானதுமே நிலம் சட்டப்படி மத்திய அரசுக்குப் போய்விட்டது. கலெக்டரிடம் மனு கொடுக்கலாம் என்று சின்ன மாமா சொன்னார். கொடுக்கட்டும். அதை நம்பி விசாரணைத் தேதியைக் கோட்டை விட்டுவிடக் கூடாது.

அந்தத் தேதி 18.11.2025, செவ்வாய்க்கிழமை, காலை 11 மணி. இடம் தனி வட்டாட்சியர் (நில எடுப்பு) அலுவலகம். நம் தாலுகா ஆபீஸ் வட்டாட்சியர் வேறு, இவர் வேறு. தாலுகா ஆபீஸில் போய் நிற்காதீர்கள். நேரிலோ, முகவர் அல்லது வக்கீல் மூலமோ ஆஜராகி, நிலத்தில் நமக்கு என்ன உரிமை, எவ்வளவு இழப்பீடு கேட்கிறோம், அதற்கு என்ன ஆதாரம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். வராவிட்டால் கையில் இருக்கும் ஆவணங்களை வைத்துத் தீர்வாணை போட்டுவிடுவோம் என்று கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறார்கள்.

பரப்பு 0.04.20 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, நாலு ஹெக்டேரா என்று சித்தி போனில் பதறிவிட்டார். அது 4.20 ஏர், அதாவது 420 சதுர மீட்டர். நம் கணக்கில் பத்து சென்ட்டும் கொஞ்சமும். மொத்த நிலமும் போகவில்லை.

என்னை யோசிக்க வைத்தது வேறு விஷயம். ‘நிலத்தில் உள்ளவை’ என்ற கட்டத்தில் ‘தென்னை 4’ என்று மட்டும் இருக்கிறது. கிணற்றைக் காணோம். அளந்து கல் நட்டிருக்கிறார்கள் என்றீர்களே, கிணறு கல்லுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். உள்ளே வந்தால் மோட்டார், பைப்லைன் எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட வேண்டும். பாதி உள்ளே பாதி வெளியே என்றாலும் கேட்டே ஆக வேண்டும். கல்லும் கிணறும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். தென்னையையும் எண்ணுங்கள், எனக்கு ஆறு என்று ஞாபகம்.

இனி எடுத்து வைக்க வேண்டியவை. நேரம் பிடிப்பதை முதலில் சொல்கிறேன்.

வாரிசுச் சான்றிதழ். நோட்டீஸ் தாத்தா பெயருக்கு வந்திருக்கிறது, பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருப்பதால். அவர் இடத்தில் யார் யார் என்று காட்டாமல் பணம் யாருக்கும் வராது. தாத்தா தவறியபோது பேங்க் வேலைக்காக ஒன்று வாங்கியிருக்கலாம், அம்மாச்சியின் தகரப் பெட்டியில் தேடுங்கள். இல்லாவிட்டால் திங்கட்கிழமையே இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தாத்தாவின் இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, வாரிசுகள் எல்லோருடைய ஆதாரும் கேட்பார்கள். 18-க்குள் கைக்கு வராவிட்டால் விண்ணப்ப ரசீதைக் காட்டி அவகாசம் கேட்கலாம்.

தாத்தா உயில் எழுதவில்லை, நிலமும் அவரே சம்பாதித்தது. அதனால் அம்மாச்சி, நீங்கள், சின்ன மாமா, அம்மா, சித்தி ஐந்து பேருக்கும் சமபங்கு. சித்தியை விட்டுவிட்டுப் போனால் யாருக்கு எவ்வளவு என்ற தகராறாகி, பணம் கோர்ட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். கோபதாபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் மாமா. இதில் ஐந்து கையெழுத்தும் வேண்டும். சின்ன மாமா சிங்கப்பூரிலிருந்து வர முடியாவிட்டால் அங்குள்ள இந்திய ஹை கமிஷனில் சான்றொப்பம் வாங்கிய பவர் பத்திரம் அனுப்ப வேண்டும். அதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

தாத்தா வாங்கிய கிரயப் பத்திரமும், அதற்கு முந்தைய மூலப்பத்திரம் இருந்தால் அதுவும். ஒரிஜினலைக் காட்டலாம், ஜெராக்ஸை மட்டும்தான் கொடுக்க வேண்டும். யார் கேட்டாலும் ஒரிஜினலை விட்டுவிட்டு வராதீர்கள்.

பட்டா, சிட்டா, புலப்படம். மூன்றும் eservices.tn.gov.in தளத்தில் கிடைக்கும். உட்பிரிவு தெரிந்ததும் நானே எடுத்து அனுப்புகிறேன். அடங்கலுக்கு மட்டும் வி.ஏ.ஓ.வைப் பாருங்கள். கிணறும் தென்னையும் அதில் பதிவாகியிருந்தால் நமக்குப் பெரிய பலம்.

வில்லங்கச் சான்று. tnreginet.gov.in தளத்தில் பார்க்கலாம். கையெழுத்துடன் கூடிய பிரதியை வாங்கிவிடுவது நல்லது. சொசைட்டியில் பழைய அடமானம் ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லுங்கள், அங்கே போய்த் தெரிய வேண்டாம்.

பம்புசெட் மின் இணைப்பு அட்டை, நில வரி ரசீதுகள், ஐந்து பேருடைய ஆதார், பான், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம். அம்மாச்சிக்குப் பான் கார்டு இல்லை என்று நினைக்கிறேன், இருந்தால் நல்லது.

கடைசியாக, எல்லோரும் மறந்துவிடுவது. அக்கம்பக்கத்து நிலங்களின் கிரயப் பத்திர நகல்கள். 2013 நில எடுப்புச் சட்டத்தின் கணக்குதான் இதற்கும். அரசு வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம், 3ஏ அறிவிப்புக்கு முந்தைய மூன்று வருடத்தில் அருகிலுள்ள இதே மாதிரி நிலங்கள் விற்ற விலையின் சராசரி இன்னொரு பக்கம். இரண்டில் எது கூடுதலோ அதை எடுக்க வேண்டும். சராசரிக்கு அதிக விலைக்குப் போன பாதிப் பத்திரங்களைத்தான் சேர்ப்பார்கள். அதன் மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகை. ஆக, ஒரு நல்ல பத்திரம் கிடைத்தாலும் இரட்டிப்பாக லாபம். மேலத்தெருக்காரர் ரோட்டோரம் விற்றாரே, அந்தச் சர்வே எண்ணை விசாரித்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனுப் போடுங்கள்.

அன்றைக்குக் கொடுப்பதையெல்லாம் இரண்டு செட் எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். ‘சம்மதம்’ என்று எழுதிய எந்தத் தாளிலும், தொகை நிரப்பாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். தொகை குறைவாக வந்தால் நடுவரிடம் போகலாம், அதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

புதுப் போட்டோவும் கிணற்றுப் படமும் வந்ததும் கோரிக்கை மனுவை எழுதி அனுப்புகிறேன். 17-ஆம் தேதி ராத்திரி ஊருக்கு வந்துவிடுவேன்.