பள்ளி சீசன் பில்களுக்குக் கடன் கெடு நீட்டிக்கக் கேட்டு மொத்த வியாபாரிக்கு எழுதிய கடிதம்

அனுப்புநர்:
ந. கருணாகரன்,
கருணா ஸ்டேஷனரி,
வில்லிவாக்கம், சென்னை - 600 049.

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
சாரதாம்பாள் பேப்பர் ஏஜென்சி,
ஆண்டர்சன் தெரு, பாரிமுனை, சென்னை - 600 001.

நாள்: 27.04.2026

பொருள்: மே, ஜூன் மாத சீசன் பில்களுக்கு மட்டும் 30 நாள் கெடுவை 60 நாளாக நீட்டித்து, கடன் வரம்பை 2 லட்சத்திலிருந்து 3.5 லட்சமாக உயர்த்தித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அப்பா காலத்திலிருந்து நோட்டு, பேப்பர், பேனா எல்லாம் உங்களிடம்தான் எடுத்து வருகிறோம். போன வாரம் சின்னவரிடம் போனில் இந்த விஷயத்தைப் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பாவிடம் காட்ட வேண்டும், எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள்" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் பழைய கணக்கைச் சொல்லிவிடுகிறேன். என் லெட்ஜரில் இன்றைய தேதிக்கு இரண்டு பில் பாக்கி இருக்கிறது. மார்ச் 30-ஆம் தேதி பில் ரூ.62,600, அதை 29-ஆம் தேதி கெடுவன்றே நெஃப்ட் போட்டுவிடுவேன். ஏப்ரல் 16-ஆம் தேதி பில் ரூ.80,000, அது மே 16-க்குள் வந்துவிடும். நான் கேட்கும் கெடு இந்த இரண்டுக்கும் இல்லை, இவை பழைய பேச்சுப்படியே நடக்கும். உங்கள் கணக்குப்பிள்ளை வைத்திருக்கும் தொகையும் இதுவும் ஒத்துப்போகிறதா என்று ஒரு தடவை பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இப்போது சீசன் விஷயம். இந்த வருஷம் எங்கள் பக்கத்தில் இரண்டு தனியார் பள்ளிகள் மொத்த நோட்டு ஆர்டரையும் எனக்கே கொடுத்திருக்கின்றன. நான்கு கோடு, இரண்டு கோடு, கட்டம் போட்ட கணக்கு நோட்டு, 192 பக்க லாங் சைஸ், கூடவே பிரவுன் ஷீட், லேபிள் எல்லாம் சேர்த்து சுமார் ரூ.2,30,000-க்கு வருகிறது. ஆர்டர் கடிதங்களின் நகலை இணைத்திருக்கிறேன். சரக்கு ஜூன் முதல் வாரத்துக்கு முன்பே பள்ளிக்குப் போய்விட வேண்டும், ஆனால் நோட்டுக்கான பணத்தை அவர்கள் பெற்றோரிடம் முதல் டெர்ம் பீஸோடு சேர்த்துத்தான் வாங்குகிறார்கள், அது முழுதாக வசூலாகி எனக்கு செக் வரும்போது ஜூலை முதல் இரண்டு வாரம் ஆகிவிடும் என்று இரண்டு பள்ளி அலுவலகங்களிலும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். மே 12-ஆம் தேதி நீங்கள் போடும் பில்லுக்கு ஜூன் 11 கெடு வந்து நிற்கும். அந்தத் தேதியில் பள்ளிப் பணம் ஒரு ரூபாய்கூட என் கையில் இருக்காது.

கடை வியாபாரமும் அப்படித்தான், ஏப்ரல் மே லீவில் பேனா ரீஃபில் போவதே கஷ்டம். ஜூனில் பள்ளி திறந்த பிறகு, கையில் லிஸ்ட்டோடு சிட்கோ நகர், ராஜமங்கலம் பக்கத்திலிருந்து பெற்றோர் வரிசையாக வருவார்கள். அவர்கள் கேட்பதில் ஒரே ஒரு ஐட்டம் இல்லையென்றாலும் லிஸ்ட் முழுவதையும் எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். போன சீசனில் கடன் வரம்பு நிரம்பிவிட்டதால் இரண்டாவது ஆர்டர் நின்று, கோடில்லாத 192 பக்க நோட்டு ஒரு வாரம் முழுக்கக் கடையில் இல்லை. அந்த வாரம் போன வியாபாரம் அப்புறம் திரும்பவில்லை, எனக்கு எவ்வளவு போனதோ அந்த அளவுக்கு உங்கள் சரக்கும் நகராமல் நின்றது.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். மே 5 முதல் ஜூன் 20 வரை போடும் பில்களுக்கு மட்டும் 60 நாள் கெடு கொடுங்கள். சீசன் முழுவதும் நான் எடுக்கப்போவது பள்ளி ஆர்டரும் கடைக்கானதும் சேர்த்து ஏறக்குறைய ரூ.4,20,000. அத்தனையையும் கடனாகக் கேட்கவில்லை. ஒவ்வொரு பில்லிலும் கால் பங்கை டெலிவரி அன்றே கொடுத்துவிடுகிறேன், இன்னொரு கால் பங்கு 30-ஆம் நாள், மீதிப் பாதி 60-ஆம் நாள். ரூ.1,20,000-க்கு மே 12-இல் நோட்டு பில் போட்டால் அன்றைக்கே 30,000, ஜூன் 11-இல் 30,000, ஜூலை 11-இல் 60,000 வந்துவிடும். பின்னால் வரும் இரண்டு தொகைக்கும் தேதி போட்ட செக்குகளை சரக்கு வண்டி வரும்போதே டிரைவரிடம் கவரில் கொடுத்தனுப்புகிறேன். இந்தக் கணக்குப்படி எந்த நேரத்திலும் பாக்கி 3.5 லட்சத்தைத் தாண்டாது. கடைசி பில்லின் கெடு ஆகஸ்ட் 19, அதற்குப் பிறகு பழையபடி 30 நாள், 2 லட்சம்தான்.

வரி விஷயத்தில் உங்களுக்குச் சுமை வரக்கூடாது என்பதையும் யோசித்திருக்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுக்கும் பென்சிலுக்கும் ஜிஎஸ்டி இல்லை, அதனால் பள்ளி பில்களில் பெரும்பகுதிக்கு வரியே கிடையாது. ஆனால் பேனாவும் ஏ4 பேப்பரும் 18 சதவீதம், ஜியோமெட்ரி பாக்ஸ் 5 சதவீதம். நான் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அடுத்த மாதம் 20-ஆம் தேதி ரிட்டர்னில் அந்த வரியை நீங்கள் கட்டியாக வேண்டும். எனவே வரி உள்ள பில்களில் ஜிஎஸ்டி தொகை முழுவதையும், கால் பங்குக்கு மேல் தனியாக, டெலிவரி அன்றே கொடுத்துவிடுகிறேன். உங்கள் கைப்பணத்தை என் பில்லுக்கு வரியாகப் போட வைப்பது நியாயமில்லை.

60 நாள் கேட்டுக்கொண்டு 2 சதவீத சி.டி.யும் கேட்க மாட்டேன். இந்த சீசன் பில்களுக்கு அது வேண்டாம், பில்லிலேயே எடுத்துவிடலாம். 60-ஆம் நாளைத் தாண்டினால் பாக்கித் தொகைக்கு மாதம் 1.5 சதவீதம் வட்டி போட்டுக்கொள்ளுங்கள், பாக்கி தீரும் வரை புதுச் சரக்கையும் நிறுத்திவிடலாம். ஒரு செக் திரும்பினாலும் இந்த ஏற்பாடு அன்றோடு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம், நான் எதுவும் பேச மாட்டேன்.

தண்டலில் வாங்கி உங்களுக்குக் கட்டிவிடலாமே என்று கடைப் பக்கத்தில் சிலர் சொன்னார்கள். நோட்டில் கிடைக்கும் மார்ஜினுக்கு அந்த வட்டி கட்டுப்படியாகாது, அதில் ஒரு தடவை மாட்டினால் அடுத்து உங்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்திலும் கை வைக்க வேண்டிவரும். அந்த வழிக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. பேங்க்கில் ஓ.டி. கேட்டிருக்கிறேன், ஆனால் இந்த சீசனுக்குள் கிடைக்கும் என்று நம்பி ஆர்டரை ஒப்புக்கொள்ள முடியாது.

3.5 லட்சம் அதிகம் என்று நினைத்தால், பள்ளி ஆர்டர் பில்களுக்கு மட்டுமாவது 60 நாள் கொடுங்கள், கடைக்கான சரக்கை 45 நாளில் முடித்துக்கொள்கிறேன். அதுவும் எனக்குப் பெரிய உதவி.

சரக்கு மே 20-க்குள் கடைக்கு வந்தால்தான் பள்ளிவாரியாகப் பிரித்து, லேபிள் ஒட்டி, கட்டுக் கட்டி வைக்க முடியும். அதனால் மே 2, சனிக்கிழமைக்குள் உங்கள் முடிவைச் சொன்னால் அன்றைக்கே முதல் ஆர்டரைக் கொடுத்துவிடுவேன். நேரில் பேச வேண்டுமென்றால் எந்த நாள் என்று சொல்லுங்கள், லெட்ஜரையும் செக் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு காலை 11 மணிக்கு மேல் வருகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ந. கருணாகரன்
(உரிமையாளர், கருணா ஸ்டேஷனரி)

இணைப்பு: பள்ளி ஆர்டர் கடிதங்களின் நகல் இரண்டு, ஏப்ரல் வரைக்குமான கணக்கு நகல்.