குடியாத்தம் நிலப் பத்திரம்: நீ முடிவு சொல்ல வேண்டியது

பெங்களூரு, லிங்கராஜபுரம்
ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் சொன்னால் பாதி விட்டுப்போகிறது, மீதி சண்டையாகிறது, அதனால் எழுதிவிடுகிறேன். சித்தப்பா அனுப்பிய பாகப்பிரிவினைப் பத்திர நகல் உனக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். 11 பக்கம். "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்", "தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்" என்று போகிற தமிழை கன்னட மீடியத்தில் படித்த நீ எப்படிப் படிப்பாய், எனக்கே ரெண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தேன். சனிக்கிழமை குடியாத்தம் போய் தாய்ப் பத்திரத்தின் நகலும் பட்டாவும் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

முதலில் ஒன்று. இந்தப் பத்திரம் இப்படியே பதிவானால் அதிகம் லாபம் எனக்குத்தான். அதை மனசில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

நிலம் நீ பார்த்ததுதான், மாமரமும் கிணறும் இருக்கிற அந்தப் புஞ்சை. தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தபோது 1964ல் 2,400 ரூபாய்க்கு வாங்கியது. அவர் பேர் மட்டும்தான் கிரயப் பத்திரத்தில் இருக்கிறது. 1991ல் தாத்தா போனார், உயில் இல்லை. 1998ல் பாட்டி. பிள்ளைகள் நாலு பேர்: நம் அப்பா, சித்தப்பா, பெரிய அத்தை, சின்ன அத்தை. பட்டா இன்றுவரை தாத்தா பேரில்தான். வில்லங்கமும் போட்டுப் பார்த்தேன், அடமானமோ கடனோ எதுவும் இல்லை.

இப்போது பத்திரம் என்ன சொல்கிறது என்றால், நிலத்தை ரெண்டாகப் பிரிக்கிறது. 'ஏ' ஷெட்யூல் சித்தப்பாவுக்கு, 1 ஏக்கர் 60 சென்ட், ரோட்டை ஒட்டிய முன்பக்கம், கிணறும் இலவச மின்சார இணைப்பும் சேர்த்து. 'பி' ஷெட்யூல் எனக்கு, அதே 1 ஏக்கர் 60, பின்பக்கம். அத்தைகள் ரெண்டு பேரும் ஆளுக்கு 50,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பாத்தியம் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அம்மாவும் நீயும் பணம் எதுவும் வாங்காமல் எனக்கு விடுதலை கொடுக்கிறீர்கள். உன் பேர் 7ஆம் பக்கத்தில் ஒரே ஒரு தடவை வருகிறது, "திருமணமாகி அயல்நாட்டில் வசித்து வரும்" என்ற அடைமொழியோடு.

எல்லா வித்தையும் இருப்பது 2ஆம் பக்கத்தில், ஒரே சொல்லில். நிலத்தை "பூர்வீகச் சொத்து" என்று எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் காட்டினேன், அவர் பேனாவால் அந்தச் சொல்லைத்தான் முதலில் சுழித்தார். சித்தப்பா நம்மிடம் சொல்லி வருவது என்ன? பொம்பளைப் பிள்ளைக்குப் பங்கு 2005 சட்டத்துக்கு அப்புறம்தான், தாத்தா 1991லேயே போய்விட்டார், அதனால் அத்தைகளுக்கு எதுவும் இல்லை, இருந்தாலும் நான் 50,000 கொடுக்கிறேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2005 திருத்தம் கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தைப் பற்றியது. இது தாத்தா சம்பளத்தில் வாங்கிய சுயார்ஜிதம், அவருடைய அப்பாவுக்கு ஒரு சென்ட் கிடையாது. சுயார்ஜிதத்துக்கு உயில் இல்லையென்றால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டமே போதும், மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சமபங்கு. அதாவது 1991ல் தாத்தா கண்ணை மூடின அன்றைக்கே பாட்டிக்கும் நாலு பிள்ளைகளுக்கும் ஐந்தில் ஒன்று சேர்ந்துவிட்டது. பாட்டி போன பிறகு அவர் பங்கும் நாலாகப் பிரிந்து, ஆளுக்கு நாலில் ஒன்று. அத்தைகள் யாருடைய தயவையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை, 35 வருஷமாக அது அவர்களுடையது.

அப்பா 2019ல் போனபோது அவருடைய கால் பங்கு அம்மா, நீ, நான் மூன்று பேருக்கும் சமமாக வந்தது. இங்கே நாடகச்சேரி ரெவின்யூ ஆபீசில் வாங்கிய வம்ச விருட்சச் சான்றிலும் நம் மூன்று பேர் பெயரும்தான். உன்னுடைய அமெரிக்கக் குடியுரிமையால் இதில் எதுவும் மாறவில்லை, விவசாய நிலம் வாரிசாக வருவதற்கு ஓசிஐக்குத் தடையில்லை. வாங்கத்தான் கூடாது, தானமாகவும் வாங்க முடியாது. அதனால் நாளைக்கு நான் மனசு மாறி என் பங்கையும் உனக்கே எழுதித் தருகிறேன் என்றாலும் நடக்காது, தெரிந்துகொள்.

அளவு இன்னொரு கதை. கிரயப் பத்திரத்தில் 3 ஏக்கர் 20 சென்ட். பட்டாவில் 1.26.50 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 3 ஏக்கர் 12 சென்ட்தான். 80களில் புதிதாக அளந்தபோது இப்படிப் பல ஊரில் மாறியிருக்கிறது. இவர்கள் பழைய கணக்கை வைத்து முன்பக்கம் 1.60ஐ எல்லை போட்டு எழுதிவிட்டார்கள். குறைகிற 8 சென்ட் யார் தலையில்? பின்பக்கத்தில்தான். போதாததற்கு பின்பக்கம் போக "6 அடி நடைபாதை" என்று இருக்கிறது, டிராக்டர் போகாது. கிணற்றுத் தண்ணீரில் நமக்கு முறை பாத்தியம் என்று ஒரு வரி கூட இல்லை. தண்ணியும் வழியும் இல்லாத நிலத்தை யார் வாங்குவார்கள்? சித்தப்பாவின் மகன்தான் வாங்குவான், அவன் சொன்ன விலைக்கு. இது என் சந்தேகம், தப்பாகவும் இருக்கலாம்.

சரி, கணக்கு. 312 சென்ட்டை நாலாகப் பிரித்தால் நம் வீட்டுக்கு 78, அதில் உனக்கு 26. அங்கே இப்போது சென்ட் 30,000 என்று ரெண்டு தரகர்கள் சொன்னார்கள் (எக்ஸ்பிரஸ்வே வருகிறது என்று சொல்லி 45,000 கேட்கிற ஒருத்தரும் இருக்கிறார், அந்த ரோடு எங்கேயோ போகிறது, இவர் இங்கே நின்று விலை ஏற்றுகிறார்). 30,000 என்றே வைத்தால் உன் பங்கு 7 லட்சத்து 80 ஆயிரம். ஒரு அத்தையின் பங்கு 23 லட்சத்து 40 ஆயிரம். அதற்குத்தான் 50,000.

பெரிய அத்தையிடம் பேசினேன். "அண்ணன் தம்பி வீடு நல்லா இருந்தா எனக்குப் போதும்டா, நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்கிறார். அவர் மனசறிந்து விட்டுக் கொடுத்தால் அது செல்லும், அது அவர் இஷ்டம். ஆனால் விலை தெரிந்து விட்டுக் கொடுக்கட்டும் என்று நானே கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. சின்ன அத்தை கதை வேற. 2001ல் சுரங்கத்தை மூடியதிலிருந்து அந்த வீட்டில் நிலையான சம்பளம் என்று ஒன்று இல்லை, மாமா பங்காரப்பேட்டையிலிருந்து ரயில் பிடித்து பெங்களூருக்கு செக்யூரிட்டி வேலைக்கு வந்து போகிறார். நான் போன் போட்டதும் அத்தை கேட்ட முதல் கேள்வி "எவ்வளவு வரும்னு சொல்லுடா, வாங்குவேனோ இல்லையோ, தெரிஞ்சுக்கறேன்". அதற்கு அப்புறம் எனக்கு இந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மனசு வரவில்லை. அம்மாவுக்குச் சண்டை வேண்டாம், "எல்லாத்தையும் உன் பேர்ல எழுதிக்கோ, முடிச்சு விடு" என்கிறார். கொஞ்சம் பொறு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது உன்னிடம் கேட்பது ரெண்டு விஷயம், ரெண்டுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும்.

ஒன்று, உன் 26 சென்ட். எனக்கு விட்டுத் தருகிறாயா, உன் பேரிலேயே வைத்துக்கொள்கிறாயா? நீ விட்டுத் தந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன், வேண்டாம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா சொன்னாள் என்பதற்காகவோ என் முகத்துக்காகவோ தராதே. வைத்துக்கொண்டால் உன் பேரும் பாகஸ்தராகவே பத்திரத்தில் ஏறும், அந்த அடைமொழி இல்லாமல். பிறகு விற்க நினைத்தால் இந்தியாவில் வசிக்கிற இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கலாம். பணம் உன் என்ஆர்ஓ கணக்குக்கு வரும், வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே கொண்டு போகலாம், நமக்கு அது கவலையில்லை. நிலம் நகராட்சி எல்லையிலிருந்து 9 கிலோமீட்டர், கிராமத்து விவசாய நிலம், அதனால் இங்கே மூலதன ஆதாய வரி வராது என்று ஆடிட்டர் சொன்னார். அங்கே உன் வரிக் கணக்கில் காட்ட வேண்டியிருக்கும், அதை உன் ஆளிடம் கேட்டுக்கொள்.

ரெண்டாவது, கஷ்டமானது. நாலு பங்கு என்று நான் திருப்பிக் கேட்டால் நம் வீட்டுக்கு வருவது 156லிருந்து 78ஆகக் குறைகிறது. பாதிப் பாதி என்று வைத்து நீ உன் பங்கைக் கேட்டால் 52 சென்ட் உனக்கு, நாலு பங்கு என்றால் 26தான். உன் பாக்கெட்டிலிருந்தும் போகிறது, அதனால் உன்னைக் கேட்காமல் நான் சித்தப்பாவிடம் பேச முடியாது. என் எண்ணம் நாலு பங்கு. பூர்வீகம் என்ற சொல்லை எடுக்க வேண்டும், அளவு பட்டாப்படி, சர்வேயரை வைத்து அளந்த பிறகு எல்லை, எல்லாப் பங்குக்கும் 12 அடி வண்டிப்பாதை, கிணற்றில் முறை. பெரிய அத்தை அதன் பிறகும் விட்டுத் தருகிறார் என்றால் யாருக்கு என்று அவரே சொல்லட்டும், சின்ன அத்தைக்குக் கூடக் கொடுக்கலாமே.

சித்தப்பா தை முடிவதற்குள் பதிவு செய்ய வேண்டும் என்கிறார், இல்லையென்றால் குடியாத்தம் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு என்கிறார். போடட்டுமே. வழக்குப் போட்டால் கோர்ட் பார்க்கப் போவது இதே நாலு பங்கைத்தான், அது அவர் வக்கீலுக்கும் தெரியும். ஆனாலும் எனக்கு அவர் மேல் கோபம் மட்டும் இல்லை, 30 வருஷம் வரப்பு வெட்டி, கிணறு தூர்வாரி, வரி கட்டினது அவர்தான், நாம் மாம்பழ சீசனுக்கு மட்டும் போனோம். முன்பக்கம் அவருக்கே போகட்டும் என்றால் நான் சம்மதிப்பேன்.

நீ வர முடியாது என்பதால் பவர் பத்திரம் வேண்டும். நியூயார்க் இந்தியத் துணைத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கலாம், இல்லையென்றால் நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு அப்போஸ்டில் வாங்கலாம். அசல் இங்கே வந்து சேர்ந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், அதனால் வாசகம் முடிவான பிறகு போட்டால் போதும். பொதுப் பவர் கொடுக்காதே. இந்த ஒரு பத்திரத்துக்கு மட்டும், இன்ன ஷெட்யூல்படி என்று குறிப்பிட்டுக் கொடு. என் பேரில் வேண்டாம், நானே ஒரு பங்குதாரன். வேலூரில் உன் வீட்டுக்காரரோட தம்பி இருக்கிறாரே, அவர் பேரில் கொடு, அவரிடம் கேட்டுப் பார். அதுவரை யார் எதை அனுப்பி "சும்மா ஒரு கையெழுத்து" என்றாலும், நான் அனுப்பினாலும், போடாதே.

25ஆம் தேதிக்குள் உன் பதில் வந்தால் 26 விடுமுறை நாள், நேரில் போய் சித்தப்பாவிடம் பேசிவிடுவேன். உன் வீட்டுக்காரரிடமும் கலந்து பேசு. பட்டா, தாய்ப் பத்திரம், சித்தப்பாவின் நகலில் நான் சிவப்பில் குறித்த பக்கங்கள் மூன்றும் ஈமெயிலில் போட்டிருக்கிறேன், 2ஆம் பக்கத்தையும் 7ஆம் பக்கத்தையும் மட்டுமாவது பார்த்துவிடு.

அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. பசங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன் தம்பி,
குமரேசன்