தீ இழப்பு அறிவித்தல்: கிராண்ட்பாஸ் துணிக் களஞ்சியம்

கொழும்பு, 2025 ஓகஸ்ட் 14

பெறுநர்: 2025 தீக் காப்புறுதி சர்ப்ளஸ் உடன்படிக்கை, ஃபக்கல்டேட்டிவ் ஸ்லிப், எக்சஸ் ஒவ் லொஸ் முதலாம் அடுக்கு ஆகியவற்றின் மீள்காப்புறுதியாளர்கள் அனைவருக்கும், தரகர் ஊடாக

எமது கோரிக்கை இலக்கம்: 2025/தீ/0387

அன்புடையீர்,

ஓகஸ்ட் 12, செவ்வாய் இரவு 11.40 அளவில், நாம் காப்புறுதி செய்துள்ள துணி இறக்குமதி நிறுவனமொன்றின் கிராண்ட்பாஸ் களஞ்சியத்தில் தீப்பற்றியது. மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவினர் விடிகாலை நாலரை மணிக்குத்தான் தீயைக் கட்டுப்படுத்தினர். உயிரிழப்பு இல்லை. காவலாளி ஒருவர் புகையால் பாதிக்கப்பட்டுச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிவிட்டார்.

நாம் நியமித்த நட்ட மதிப்பீட்டாளரும் எமது பொறியியலாளரும் புதன் காலை 9 மணிக்கே களத்தில் இருந்தனர். கிழக்குக் கட்டடத்தின் கூரைத் தாங்கிகள் வளைந்து நடுவில் தொங்குகின்றன. அதற்குள் இருந்த சரக்கு முழு நட்டம். மேற்குக் கட்டடத்தில் தீ ஏறவில்லை, ஆனால் புகையும் தண்ணீரும் போயிருக்கின்றன. அங்குள்ள பருத்தி றோல்களில் வெளிச்சுற்று காய்ந்ததுபோல் தெரிந்தாலும், ஒன்றை அறுத்துப் பார்த்தபோது உள்ளே ஈரமும் கருகிய வாடையும் இருந்தன. ஆகவே மேற்குச் சரக்கை நல்லதென்று கணக்கில் எடுக்க எமக்கு மனம் வரவில்லை. பொலித்தீன் சுற்றிய செயற்கை இழைத் துணியில் ஒரு பகுதி தப்பலாம். அதைத் தரம் பிரித்து வேறு களஞ்சியத்துக்கு மாற்றும் வேலை நேற்றே தொடங்கிவிட்டது. ஈரத்தில் கிடக்கக் கிடக்க மீட்புப் பெறுமதி கரையும்.

காப்புத் தொகை கட்டடம் 420, இயந்திரங்கள் 180, சரக்கு 1,650 என மொத்தம் 2,250 மில்லியன் ரூபா. இலாப இழப்புக் காப்பு எடுக்கப்படவில்லை. எமது தக்கவைப்பு 225 மில்லியன் (10%), சர்ப்ளஸ் ஏழு லைன் 1,575 மில்லியன் (70%), ஃபக்கல்டேட்டிவ் 450 மில்லியன் (20%).

ஆரம்ப ஒதுக்கீடு, மில்லியன் ரூபாவில்:

கட்டடம் 160
இயந்திரங்கள் 95
சரக்கு 735
இடிபாடு அகற்றல் 20
மதிப்பீட்டாளர் கட்டணம் 15
கழிவுத் தொகை −10
நிகரம் 1,015

இதில் தக்கவைப்பு 101.5, சர்ப்ளஸ் 710.5, ஃபக்கல்டேட்டிவ் 203. எமது தக்கவைப்புக்கான எக்சஸ் ஒவ் லொஸ் காப்பு 60 மில்லியனுக்கு மேல் தொடங்குவதால், முதலாம் அடுக்கில் 41.5 மில்லியன் விழும்.

கட்டடத் திருத்தச் செலவு 200 மில்லியன் எனப் பொறியியலாளர் சொல்கிறார். மீளக்கட்டும் பெறுமதி 525 மில்லியன் வரும்போலிருக்க, காப்புத் தொகை 420 மட்டுமே. சராசரி நிபந்தனைப்படி 80% கணக்கிட்டே 160 வைத்தோம். சரக்கில் இந்தச் சிக்கல் இல்லை: யூலை இறுதி அறிவிப்பு 1,180 மில்லியன், காப்புத் தொகைக்குள் நிற்கிறது. மீட்புப் பெறுமதிக்கு எதையும் கழிக்கவில்லை. சிறிய தொகையை இப்போது போட்டுவிட்டு மாதாமாதம் ஏற்றிக்கொண்டு போவது உங்கள் கணக்குக்கும் எமது நம்பகத்துக்கும் நல்லதல்ல என்பதே எமது உறுதியான நிலைப்பாடு.

தீயின் காரணம் தெளிவாகவில்லை. ஒரு விடயத்தை இன்றே உங்கள் முன் வைக்கிறோம். காவற்கூண்டில் எரியாமல் தப்பிய வருகைப் பதிவேட்டில், அன்று பிற்பகல் ஒப்பந்தகாரர் ஒருவரின் ஆட்கள் கிழக்குக் கூரைப் பீலியில் வெல்டிங் செய்து 5.10க்கு வெளியேறியதாகக் குறிப்பு இருக்கிறது. காப்புறுதிப் பத்திரத்தில் சூட்டு வேலைக்கான உத்தரவாத நிபந்தனை உண்டு; வேலை முடிந்தபின் ஒரு மணிநேரம் ஆள் வைத்துப் பார்த்தார்களா என்பதற்குப் பதிவு எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. பஞ்சு கலந்த சரக்கில் பொறி மணிக்கணக்கில் புகைந்து கிடந்து பின்னர் பற்றுவது நடக்கக்கூடியதே. பதிவேட்டின் பிரதியை எடுத்துவிட்டோம். பொலிஸ் வாக்குமூலமும் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கையும் வரும்வரை பொறுப்பை ஏற்கவோ மறுக்கவோ இல்லை. காப்புறுதிதாரருக்கு உரிமைகளை ஒதுக்கிக் கடிதம் கொடுத்துள்ளோம். ஒப்பந்தகாரர்மீது மீளறவீடு செய்யும் உரிமையைப் பாதுகாக்க அவருக்கும் அறிவித்தல் போயிருக்கிறது.

கலகம், நாசவேலைக்கான அறிகுறி எதுவும் இல்லை. எனவே தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் வேலைநிறுத்த, கலக, பயங்கரவாதக் காப்பின்கீழ் இது வருமென நாம் கருதவில்லை.

காப்புறுதிதாரர் 150 மில்லியன் முற்பணம் கேட்கிறார். நிபந்தனை பற்றிய கேள்வி தீரும்வரை கொடுக்கமாட்டோம். கொடுக்க நேர்ந்தால் சர்ப்ளஸ் பங்கு 105 மில்லியன். உடன்படிக்கையின் 75 மில்லியன் உடனடிக் கொடுப்பனவு எல்லையைத் தாண்டும் என்பதால் பணத்துக்கு ஆயத்தமாக இருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஃபக்கல்டேட்டிவ் மீள்காப்புறுதியாளர்களே, கோரிக்கை ஒத்துழைப்பு வாசகத்தின் 72 மணிநேர எல்லைக்குள் இக்கடிதம் அனுப்பப்படுகிறது. அவசரம் கருதி நாம் நியமித்த மதிப்பீட்டாளருக்கு உங்கள் சம்மதத்தை ஓகஸ்ட் 18க்குள் தாருங்கள். உங்கள் சார்பில் ஒருவர் களத்துக்கு வர விரும்பினால் ஏற்பாடு செய்கிறோம். கிழக்குக் கட்டடத்தை இடிக்குமாறு மாநகர சபை எந்நேரமும் சொல்லக்கூடும் என்பதால் தாமதிக்காதீர்கள்.

படங்கள், பதிவேட்டுப் பிரதி, யூலை சரக்கு அறிவிப்பு ஆகியன இணைக்கப்பட்டுள்ளன. மதிப்பீட்டாளரின் முதலாம் அறிக்கை ஓகஸ்ட் 29இல் வரும், அன்றே அனுப்புவோம். இவ்வறிவித்தல் எந்தத் தரப்பின் உரிமைக்கும் பங்கமின்றி விடுக்கப்படுகிறது.

இங்ஙனம்,
முகாமையாளர், மீள்காப்புறுதிப் பிரிவு