இன்சுலின் ஊசி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

(காரைக்குடி, தேவகோட்டை, சுற்றுக் கிராமங்களிலிருந்து எங்கள் சர்க்கரைப் பிரிவுக்கு வருகிறவர்களுக்காக)

மருந்தும் அளவும் சரியாக இருந்தும் சிலருக்குச் சர்க்கரை இறங்காது. வயிற்றைத் தடவிப் பார்த்தால் பல நேரம் காரணம் கையில் தட்டுப்படும்: ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்கடியில் திரண்ட கொழுப்புக் கட்டி. அங்கே வலி தெரியாது என்பதாலேயே மறுபடி அங்கேயே குத்தத் தோன்றும். கட்டிக்குள் போன இன்சுலின் ஒருநாள் குறைவாகவும் ஒருநாள் கூடுதலாகவும் ரத்தத்தில் சேரும்.

முதலில் சிரிஞ்சைப் பாருங்கள்

குப்பி மருந்து பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. மாற்றி வாங்கினால் ஆபத்து. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குப் போவது 8 யூனிட்தான். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே 20 வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும். மருந்துக் கடையில் 'ஏதோ ஒன்று கொடுங்கள்' என்று கேட்காதீர்கள், குப்பியைக் காட்டி வாங்குங்கள்.

போடும் முறை

சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பால்போல் கலங்கலான மருந்தென்றால் உள்ளங்கைகளுக்கிடையே 10 முறை உருட்டி, 10 முறை மெல்லத் தலைகீழாகத் திருப்புங்கள். குலுக்கினால் நுரைக்கும், அளவு பிசகும். தெளிவான மருந்துக்கு இது வேண்டாம். ஆனால் தெளிவாக இருக்க வேண்டியது கலங்கியிருந்தாலோ, கலங்கல் மருந்தில் திப்பி திப்பியாகத் தெரிந்தாலோ அதைப் போடக் கூடாது.

எடுக்க வேண்டிய அளவுக்குச் சமமாகக் காற்றை முதலில் குப்பிக்குள் செலுத்துங்கள். பிறகு குப்பியைக் கவிழ்த்து மருந்தை இழுங்கள். காற்றுக் குமிழி இருந்தால் சிரிஞ்சைச் சுண்டி மேலேற்றி, குப்பிக்குள்ளேயே தள்ளிவிடுங்கள். குமிழி உடம்புக்குக் கெடுதல் செய்யாது, மருந்தின் அளவைத்தான் தின்றுவிடும்.

கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை மடித்துத் தூக்கி, நேராகக் குத்துங்கள். முழுதும் அழுத்தி, 10 வரை எண்ணி ஊசியை எடுத்த பிறகே மடிப்பை விடுங்கள். தேய்க்க வேண்டாம், தேய்த்தால் மருந்து வேகமாக ஏறும். ஸ்பிரிட் தடவினால் காய்ந்த பிறகு குத்துங்கள், ஈரத்தோடு குத்தினால் எரியும்.

பேனா வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் 2 யூனிட் வெளியே தள்ளி, நுனியில் சொட்டு வருகிறதா என்று பாருங்கள். 4 மில்லிமீட்டர் ஊசிக்குப் பெரும்பாலானவர்களுக்கு மடிப்புத் தேவையில்லை. போட்டதும் ஊசியைக் கழற்றிவிடுங்கள், மாட்டியே வைத்தால் மருந்து ஒழுகும், காற்றும் புகும்.

இடம் மாற்றுவது

வயிறு, தொடையின் முன்-வெளிப்புறம், பிட்டத்தின் மேல்-வெளிப்புறம், மேல்கையின் பின்பக்கம்: இவை நான்கும் சரியான இடங்கள். வயிற்றில்தான் மருந்து வேகமாக ஏறும். மேல்கையில் தானே மடிப்புப் பிடித்துப் போடுவது சிரமம், வீட்டில் யாராவது போட்டுவிட்டால் நல்லது.

வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டுவிடுங்கள். வேட்டி, சேலை இறுக்கிக் கட்டும் வரியும் வேண்டாம். மீதியை மனத்தால் நான்கு கட்டமாகப் பிரியுங்கள். இந்த வாரம் வலது மேல் கட்டம், அடுத்து இடது மேல், பிறகு இடது கீழ், கடைசியில் வலது கீழ். ஒரே கட்டத்துக்குள்ளும் நேற்றுக் குத்திய புள்ளியிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளிக் குத்துங்கள். நாள்காட்டித் தாளில் தேதிக்குப் பக்கத்தில் கட்டத்தின் எண்ணைக் குறித்தால் மறக்காது.

காலையில் வயிறு, மாலையில் தொடை என்று வைத்துக்கொண்டால் அப்படியே தொடருங்கள். ஒருநாள் காலை வயிறு, மறுநாள் காலை தொடை என்று தாவினால் சர்க்கரையும் தாவும். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் நடக்கும் நாட்களில் தொடையில் போட வேண்டாம், நடக்கும் காலில் மருந்து வேகமாக ஏறிச் சர்க்கரை தாழும். கிளம்பும் முன்பே அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

ஏற்கெனவே கட்டி இருந்தால் அது கரையும் வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆனால் கட்டியிலிருந்து நல்ல இடத்துக்கு மாறியதும் அதே அளவு கூடுதலாக வேலை செய்யும். மாறுவதற்கு முன் எங்களிடம் சொல்லுங்கள்.

வெயிலும் மருந்தும்

திறக்காத குப்பி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் 2 முதல் 8 டிகிரியில் இருக்கட்டும். ஃபிரீசரில் உறைந்துவிட்டால் எறிந்துவிடுங்கள். திறந்ததைப் பொதுவாக 28 நாளில் முடித்துவிட வேண்டும், திறந்த தேதியை அட்டையில் எழுதுங்கள். நம் ஊர்க் கத்திரி வெயிலில் அலமாரி போதாது. ஃபிரிட்ஜ் இல்லையென்றால், ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு கலயம் வைத்து, அதில் டப்பாவில் போட்டு வையுங்கள். சிங்கப்பூர், மலேசியா போகிறவர்கள் கைப்பையிலேயே கொண்டுபோங்கள்.

சர்க்கரை தாழ்ந்தால்

வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி வந்தால் உடனே 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. பணியாரமும் கந்தரப்பமும் இதற்கு உதவாது, எண்ணெய்ப் பலகாரத்தில் இனிப்பு மெதுவாகத்தான் ஏறும். நினைவு தப்பியவர் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

போட்ட ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, நிரம்பியதும் எங்களிடம் கொண்டுவாருங்கள். வரும்போது உங்கள் சிரிஞ்சையும் குப்பியையும் எடுத்து வாருங்கள். செவிலியர் முன்னால் ஒருமுறை நீங்களே போட்டுக் காட்டலாம்.