அக்கா, பூண்டு லோடு லேட்டானதுக்கு மன்னிச்சுக்கங்க, எப்ப எப்படி அனுப்புறேன்னு முழுசா எழுதிருக்கேன்

அக்கா வணக்கம். நான் பூம்பாறை வேலு. மத்தியானம் நீங்க போன்ல பேசினப்ப எனக்கு பதிலே வரல, வாய்க்கு வந்தத சொல்லி சமாளிக்க வேணாம்னு தான் வச்சிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப எல்லா மூட்டையும் பாத்துட்டு, ஆளுங்ககிட்ட பேசிட்டு, உறுதியா சொல்ல முடிஞ்சத மட்டும் எழுதுறேன்.

12ஆம் தேதி புதன்கிழமை காலைல 400 கிலோ மலைப்பூண்டு மதுரைல உங்க ஊறுகாய் யூனிட்ல இறங்கிருக்கணும். இன்னிக்கு 14, வெள்ளிக்கிழமை. ஒரு கிலோ கூட வந்து சேரல. இதுக்கு முழுப்பொறுப்பும் நான் தான்க்கா, மன்னிச்சுக்கங்க.

என்ன ஆச்சுன்னா, ஆவணி அறுவடைல எடுத்த பூண்ட நல்லா காயவச்சு கொத்து கட்டி பரண்ல தொங்கவிட்டு, கீழ அடுப்புப் புகை படுறமாதிரி தான் வச்சிருந்தோம், எப்பவும் வைக்கிறது தான். போன மாசக் கடைசில உங்க ஆர்டருக்குன்னு அறுத்து தரம் பிரிச்சு மூட்ட கட்டி கீழ ரூம்ல அடுக்கிட்டேன், அங்க தான் தப்பு பண்ணிட்டேன். ஐப்பசி மழை இந்த பக்கம் விடாம பேஞ்சுது, ரூம் செவுரு ஓதம் அடிச்சு செவுத்த ஒட்டி இருந்த மூட்டையெல்லாம் ஈரத்த இழுத்துக்கிச்சு. 10ஆம் தேதி திங்கக்கிழம சாயங்காலம் லோடு ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு மூட்டைய பிரிச்சு கைய விட்டேன், நல்ல பூண்டுன்னா தோலு காகிதம் மாதிரி சரசரன்னு சத்தம் குடுக்கும்ல, அந்த சத்தமே இல்ல, தோலு தொளதொளன்னு இருக்கு, ஒரு பூண்ட எடுத்து அமுக்கினா கட்டவிரல் உள்ள போகுது. இத ஊறுகாய்ல போட்டா ஒரு மாசத்துல ஜாடியே கெட்டுப்போகும், அதனால ஏத்தல. ஏத்தாதது சரிதான்னு இப்பவும் நினைக்கிறேன்.

ஆனா அன்னிக்கு ராத்திரியே உங்களுக்கு போன் பண்ணிருக்கணும்க்கா. ரெண்டு நாள்ல காயவச்சு எப்படியாவது அனுப்பிடலாம்னு நம்பிக்கிட்டு சொல்லாம விட்டேன். மழை என் கையில இல்ல, சொல்றது என் கையில தான இருந்துச்சு. நீங்க புதன்கிழம காலைல பூண்டு உரிக்க எட்டு பேர வரச்சொல்லி அவங்க வந்து உக்காந்து பத்து மணிக்கு திரும்பிப் போனாங்கன்னு சொன்னீங்க பாருங்க, அத கேட்டதுல இருந்து மனசே சரியில்ல. திங்கக்கிழம ராத்திரி நான் ஒரு வார்த்த சொல்லிருந்தா நீங்க அவங்கள வரவேணாம்னு சொல்லிருப்பீங்க, சென்னை கடைக்காரங்ககிட்டயும் முன்கூட்டியே தேதி மாத்தி கேட்டிருப்பீங்க.

இனி என்ன பண்றேன்னு சொல்றேன்.

மொத லோடு 140 கிலோ. இது செவுத்துப் பக்கம் படாத மூட்டைங்க, இன்னிக்கு நானும் அம்மாவும் ஒவ்வொண்ணா கொட்டி கையால பாத்து திரும்ப கட்டியாச்சு. நாளைக்கு சனிக்கிழம விடியக்காலம் 4.30க்கு எங்க சொந்த பிக்கப்ல நானே எடுத்துட்டு கிளம்புறேன், பெருமாள்மலை இறங்கி வத்தலக்குண்டு வழியா வந்தா 11 மணிக்குள்ள உங்க வாசல்ல இருப்பேன். பனி மூட்டம் ஜாஸ்தியா இருந்தா அரமணி நேரம் முன்னபின்ன ஆகலாம், அதுக்கு மேல ஆகாது. அடுக்கம் வழில இந்த மழைக்கு மண்ணு சரியும், அந்த பக்கம் வரமாட்டேன்.

ரெண்டாவது லோடு 160 கிலோ, 17ஆம் தேதி திங்கக்கிழம காலைல. இது என் பூண்டு இல்ல, மன்னவனூர்ல எங்க மாமா வீட்டுப் பரண்ல இன்னும் கொத்தாவே தொங்குது, நேர்ல போய் பாத்துட்டு தான் எழுதுறேன், தரம் எனதவிட நல்லாவே இருக்கு. அவர் கிலோவுக்கு 40 ரூபா கூட கேக்குறார், அது என் கணக்கு, உங்களுக்கு பழைய வெல 360 தான்.

மூணாவது 100 கிலோ, 19ஆம் தேதி புதன். ஈரம் வாங்குனதுல கெடாதத பொறுக்கி மறுபடி பரண்ல ஏத்தி புகை போட்டுக்கிட்டு இருக்கோம். இது தான்க்கா கொஞ்சம் சந்தேகம், மறைக்காம சொல்லிடறேன். செவ்வாக்கிழம மத்தியானம் 12 மணிக்கு பாப்பேன், தோலு சத்தம் வந்தா அனுப்புறேன், வரலைன்னா அப்பவே உங்களுக்கு சொல்லி அந்த 100 கிலோவுக்கான 36,000 ரூபாய பில்லுல கழிச்சிடறேன், நீங்க அன்னிக்கே வேற எடம் பாக்கலாம். ஒரு யாவாரி வடுகபட்டி சந்தைல வெளிப்பூண்டு வாங்கி கலந்துடு, யாருக்கு தெரியப்போகுதுன்னு சொன்னார். செய்யமாட்டேன்க்கா. 2019ல நம்ம பூண்டுக்கு புவிசார் குறியீடு கெடச்சு, நீங்களும் ஜாடில கொடைக்கானல் மலைப்பூண்டுன்னு போட்டு விக்கிறீங்க, அந்தப் பேர கெடுக்க எனக்கு மனசு வராது.

உங்க கணக்குல எட்டு பேரு ஒரு நாளைக்கு 64 கிலோ உரிப்பாங்கன்னு சொல்லிருக்கீங்க, அப்படின்னா நாளைக்கு மத்தியானம் ஆரம்பிச்சா எங்கயும் வேல நிக்காது, 21ஆம் தேதி வெள்ளிக்கிழம உரிச்சு முடிஞ்சிரும். மொதல்ல 18ஆம் தேதி முடியறதா இருந்துச்சு, ஆக மூணு நாள் தள்ளிப்போகுது. ஞாயித்துக்கிழமையும் ஆள் வரணும்ங்கறது உங்களுக்கு கஷ்டம் தான், வரமாட்டாங்கன்னா சொல்லுங்க, திங்கக்கிழம லோட அதுக்கேத்த மாதிரி மாத்திக்கலாம்.

பணம்: 400 கிலோ 1,44,000, நீங்க அட்வான்ஸ் 50,000 குடுத்திருக்கீங்க, பாக்கி 94,000. லேட்டானதுக்கு கிலோவுக்கு 20 ரூபா கொறச்சா 8,000, புதன்கிழம எட்டு பேருக்கு நீங்க சும்மா குடுத்த கூலி 3,200, ரெண்டும் போக 82,800 குடுத்தா போதும், அதுவும் கடைசி மூட்ட எறங்கி நீங்க பாத்தப்புறம். மூணு தடவ வண்டி வர்ற வாடகையும் என்னோடது. நீங்க வண்டி அனுப்புறேன்னீங்க, வேணாம்க்கா, உங்களுக்கு வீண் அலைச்சல். எறக்குனப்புறம் எந்த மூட்டையிலாவது அழுகல் இருந்தா எடுத்து வைங்க, அடுத்த லோடுல மாத்தித் தரேன்.

இன்னிலேர்ந்து கடைசி லோடு வரைக்கும் தெனம் சாயங்காலம் 6 மணிக்கு வாட்ஸாப்ல மூட்டைய பிரிச்ச போட்டோவும் எடைச்சீட்டும் போடுறேன், நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ எதுவா இருந்தாலும். பூம்பாறைல டவர் விட்டு விட்டு வரும், 6.30 வரைக்கும் ஒண்ணும் வரலைன்னா அம்மா நம்பருக்கு போடுங்க, உங்ககிட்ட இருக்கு. கீழ் ரூம்ல இனி மூட்டையே அடுக்கப்போறதில்ல, ஆர்டர் தேதிக்கு மூணு நாள் முன்னாடி தான் பரண்லேர்ந்து எறக்குவோம், அன்னிக்கே ஒவ்வொரு மூட்டையும் பிரிச்சு பாத்துட்டு உங்களுக்கு கூப்பிட்டு சொல்லிடுவேன்.

சென்னை கடைக்காரங்ககிட்ட தப்பு உங்க பக்கம் இல்ல, பூண்டு குடுக்குறவன் பக்கம்னு நான் பேசணும்னா நம்பர் குடுங்க, பேசுறேன். அந்த எட்டு பேர்கிட்டயும் நாளைக்கு வர்றப்ப நேர்ல மன்னிப்பு கேட்டுக்கறேன்.

இதுல எதாவது ஒத்துவரலைன்னா இன்னிக்கு ராத்திரி எந்நேரம்னாலும் கூப்பிடுங்க, முழிச்சிட்டு தான் இருப்பேன், பரண்ல புகை போடணும். சரின்னா ஒரு ஓகே மட்டும் போடுங்க, 4.30க்கு வண்டி எடுத்துடறேன்.

வேலு, பூம்பாறை