மூன்றில் ஒரு கண்ணைத் திறந்தால் ஆடி பிறக்கும்

அட்டைப் படம்
மஞ்சள் பூசிய குச்சியின் நுனியில் கருகிக்கொண்டிருக்கும் தேங்காய், பின்னால் தீ வெளிச்சத்தில் குழந்தைகளின் முகங்கள்.

அட்டை வரிகள்
ஆடி முதல் நாள் மாலை. சேலத்துத் தெருக்களில் தேங்காய் சுடும் வாசனை.
ஒரு வீட்டு வாசலிலிருந்து, தோல் உரிப்பது முதல் பிள்ளையார் படையல் வரை.
இடது பக்கம் தள்ளிப் பாருங்கள் →

பக்கம் 1
பெரும்பாலும் ஜூலை 17 அன்று ஆடி பிறக்கும். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கங்களில் அந்த மாலை தேங்காய் சுடுவார்கள். மற்ற ஊர்க்காரர்கள் 'தேங்காயைச் சுடுவதா?' என்று வியப்பார்கள். அவர்களுக்காகவே இந்தப் படங்கள்.

பக்கம் 2
பாரதப் போர் ஆடி 1-இல் தொடங்கி ஆடி 18-இல் முடிந்தது என்பது இங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. போர் தொடங்கும் நாளில் வெற்றி வேண்டிப் பிள்ளையாருக்குப் படைத்த படையலே இந்தத் தேங்காய் என்பார்கள் பெரியவர்கள். பதினெட்டாம் பெருக்கு வரும்போது அதே கதையின் மறுபாதியைச் சொல்வார்கள்.

பக்கம் 3
முற்றிய காய் வேண்டும். நாரை உரித்து, குடுமியையும் எடுத்துவிட்டு, சிமெண்ட் தரையிலோ கருங்கல்லிலோ ஓட்டைத் தேய்க்க வேண்டும். வேலையில் பாதி இதுதான். ஒரு நார் மிஞ்சினாலும் தீயில் அதுதான் முதலில் பற்றிக்கொள்ளும். ஓடு உள்ளங்கையில் வழுக்கும் வரை தேய்க்கிறார்கள். எங்கள் படத்தில் இருக்கும் பாட்டி, பேரன் தேய்த்த காயை விரலால் தடவிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம், கண்ணு" என்று மூன்று முறை திருப்பிக் கொடுத்தார். நான்காவது முறைதான் வாங்கிக்கொண்டார்.

பக்கம் 4
தேங்காய்க்கு மூன்று கண். ஒன்று மட்டும் இளகியிருக்கும். அதைத் துளைத்துத் தண்ணீரை வடிக்கிறார்கள், முழுவதும் அல்ல. உள்ளே போகும் அரிசி வேக அதில் கொஞ்சம் வேண்டும்.

பக்கம் 5
ஊறவைத்த பச்சரிசி, பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, எள், வெல்லம், ஏலக்காய். சில வீடுகளில் அரிசிக்குப் பதில் அவல். இத்தனையும் சுண்டுவிரல் நுழையாத அந்த ஓட்டை வழியாகத்தான் போக வேண்டும்! சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, ஈர்க்குச்சியால் குத்தி, காயை லேசாகத் தட்டி, மறுபடி போடுகிறார்கள். விளிம்பு வரை அடைக்கக் கூடாது. அரிசி உப்ப இடம் வேண்டும். வடித்த தண்ணீரில் சிறிது மீண்டும் ஊற்றுவார்கள்.

பக்கம் 6
அழிஞ்சில் குச்சி. ஆடி நெருங்கும்போது கடைவீதிகளில் இது கட்டுக்கட்டாக வந்து இறங்கும். பட்டையைச் சீவி, ஒரு முனையைக் கூராக்கி, துளைத்த கண்ணில் இறுக்கமாகச் செருகுகிறார்கள். அதுதான் பிடி, அதுவே மூடி. பிறகு காய்க்கும் குச்சிக்கும் மஞ்சள் பூச்சு.

பக்கம் 7
இருட்டத் தொடங்கியதும் தெருவில் தீ மூட்டுகிறார்கள். காய்ந்த தென்னை ஓலை, சுள்ளி. நாலைந்து வீட்டுப் பிள்ளைகள் ஒரே தீயைச் சுற்றி நிற்க, பெரியவர்கள் பின்னால் நின்று "திருப்பு, திருப்பு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே பக்கம் காட்டினால் அங்கே கருகும், மறுபக்கம் அரிசி வேகாது. ஓடு கறுத்து, விரிசல் விட்டு, 'டப்' என்று வெடிக்கும். பிறகு வெல்லமும் எள்ளும் தேங்காய்ப் பாலும் கலந்து கசியும் அந்த வாசனை! படத்தில் அதைக் காட்ட வழியில்லாதது எனக்குப் பெரிய வருத்தம்.

பக்கம் 8
சுட்ட காயைக் குச்சியோடு பிள்ளையார் முன் வைத்து, சூடம் காட்டிக் கும்பிட்ட பிறகே உடைக்கிறார்கள். தெருமுனைக் கோயிலுக்கு எடுத்துப் போகிறவர்களும் உண்டு. தலை ஆடிக்குப் பிறந்த வீடு வந்திருக்கும் புதுப்பெண்ணுக்கு அன்று முதல் பங்கு கொடுத்தார்கள்.

பக்கம் 9
உடைத்தால் உள்ளே தேங்காய்ப் பருப்பு பொன்னிறமாக ஓட்டை விட்டுக் கழன்று வருகிறது. அதில் வெந்த அரிசி ஒட்டியிருக்கிறது. பாட்டி ஒரு துண்டைப் பிட்டு, ஊதி, நான்கு முறை தேய்த்த பேரனின் வாயில் வைத்தார். கரி படிந்த கையோடு அவன் அடுத்த துண்டுக்கு நீட்டிய நேரத்தில் எடுத்ததுதான் இந்தக் கடைசிப் படம்.