பொருள்: சீசனுக்கு முன் விடுதி இணையதளம் பற்றி ஒரு யோசனை

மதிப்பிற்குரிய தங்கராஜ் அண்ணனுக்கு,

வணக்கம். இணையதளம் வந்த பிறகு அறை கேட்டு நேரடியாகவே ஃபோன் வருகிறது என்று போன வாரம் நீங்கள் சொன்னதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். புக்கிங் ஆப்களுக்குக் கமிஷன் போகாமல் நிரம்பும் அறைக்காகத்தானே அந்த வேலையையே தொடங்கினோம்.

அன்றைக்கே தளத்தைத் திறந்து பார்த்தேன். ஓண விடுமுறைக்குப் போட்ட வாடகைதான் இன்னும் நிற்கிறது. சாதாரண நாளில் வர நினைப்பவர் அதைப் பார்த்துவிட்டு, உங்களிடம் கேட்காமலே வேறு லாட்ஜுக்குப் போய்விடக்கூடும். இப்போதைய வாடகையை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், மாற்றிவிடுகிறேன். இதற்குக் கட்டணம் வேண்டாம்.

இதைப் பார்த்தபோதுதான் ஒரு யோசனை வந்தது. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் தை வரை இருக்கும். அந்த நேரத்தில் வாடகை அடிக்கடி மாறும், விவேகானந்தர் பாறைக்குப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள், கூகுள் மேப்பில் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் விமர்சனங்கள் குவியும். வரவேற்பறையில் நிற்கவே ஆள் போதாத சமயத்தில் இதையெல்லாம் நீங்கள் கவனிப்பது சிரமம்.

உங்களுக்குச் சரி என்று பட்டால், நவம்பர் முதல் ஜனவரி வரை இந்த வேலையை மாதக் கட்டணத்தில் நான் பார்த்துக்கொள்கிறேன். மாதம் 4,000 ரூபாய். நீங்கள் சொல்லும் மாற்றங்கள் அன்றைக்கோ மறுநாளோ தளத்தில் ஏறிவிடும். விமர்சனங்களுக்கு வாரம் இரண்டு முறை பதில் எழுதுவேன். குறை சொல்லி வந்தவற்றுக்கு மட்டும் உங்களிடம் கேட்ட பிறகுதான் பதில். தளத்தின் பேக்கப்பும் மாதாமாதம் எடுத்து வைப்பேன். புதிய பக்கம் வடிவமைப்பதும் விளம்பரச் செலவும் இதில் சேராது. இடையில் வேண்டாம் என்று தோன்றினால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த மாதத்திலிருந்து நிறுத்திக்கொள்ளலாம். தளத்தின் பெயரும் பாஸ்வேர்டுகளும் இப்போது போலவே உங்கள் கையில்தான் இருக்கும்.

வருஷம் முழுவதற்கும் இது தேவை என்று நான் நினைக்கவில்லை. கூட்டம் குறைந்த மாதங்களில் எப்போதாவது ஒரு மாற்றம்தான் வரும், அதற்கு மாதாமாதம் பணம் கொடுப்பது வீண். ஜனவரி முடிந்ததும் நேரடியாக வந்த புக்கிங்குகளை உட்கார்ந்து பார்ப்போம், அப்புறம் தொடர்வதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

மாதக் கட்டணம் வேண்டாம், தேவைப்படும்போது கூப்பிடுகிறேன் என்றாலும் சரிதான். அப்போதும் பழைய கட்டணத்திலேயே செய்து தருவேன்.

அவசரம் ஒன்றும் இல்லை. அக்காவிடமும் கலந்து பேசிவிட்டு, அக்டோபர் முடிவதற்குள் சொன்னால் போதும். நேரில் பேசலாம் என்றால் சொல்லுங்கள், கன்னியாகுமரிக்கு வருகிறேன்.

அன்புடன்,
ஷீபா
இணையதள வடிவமைப்பு, நாகர்கோவில்